வாரச்சந்தையில் வாங்கிய எக்ஸ்டென்ஷன் கோட்: சேரின் காந்தச் சோதனை போதுமா?

மண்டூர் தம்பி, 09.03.2025

ஓய்வுபெற்ற விஞ்ஞான சேர் ஒருவர் எங்கள் பல்நோக்கு மண்டபத்துக்கு வந்து பேசினார். பேர்போன கம்பனிப் பெயர்களில் வாரச்சந்தையில் விற்கிற போலிச் சாமான்களை எப்படிப் பிடிப்பது என்பதுதான் பேச்சு. பழைய ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய காந்தம் ஒன்றைக் கையில் வைத்திருந்தார். பிளக்கின் பின்னில் காந்தம் ஒட்டினால் அது இரும்பு, போலி. நல்ல பிளக்கில் பித்தளை இருக்கும், ஒட்டாது என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சந்தையில் வாங்கிய ஐந்து மீற்றர் எக்ஸ்டென்ஷன் கோட்டில் வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. ஆனால் கரண்ட் கேத்தலைப் போட்டால் வயர் நன்றாகச் சுடுகிறது, சுருட்டி வைத்த இடத்தில் கை வைக்க ஏலாது. பெட்டியில் கம்பனிப் பெயர் இருக்கிறது, எஸ்.எல்.எஸ். அடையாளம் இருக்கிறது, 13 அம்பியர் என்றும் போட்டிருக்கிறது. சேர் சொன்னது பிழையா, கேத்தல் பிழையா?

மோட்டர் வைண்டிங், 09.03.2025

முதலில் அதைக் கழற்றி வை. கேத்தலைச் சுவரில் உள்ள சொக்கெட்டில் நேரே போடு. மிச்சத்தைப் பிறகு பேசலாம்.

அந்தப் பேச்சுக்கு நானும் வந்திருந்தேன், பின்வரிசை. சேர் காந்தத்தோடு நிறுத்தவில்லையே தம்பி. தேத்தண்ணி வந்தவுடன் பாதிச் சனம் வெளியே போய்விட்டது, நீயும் அந்தப் பாதியில் இருந்தாயோ தெரியாது. அவர் ஒரு தட்டத்தில் இரண்டு பிளக், ஒரு பேனாக்கத்தி, இரண்டு பியூஸ், கொஞ்சம் வயர்த் துண்டு எல்லாம் அடுக்கி வைத்திருந்தார். காந்தம் அதில் ஒன்று.

அவர் முதலில் காட்டியது எர்த் பின்னை. மூன்று பின்னில் மேலே இருக்கிற நீளமானது. கீழே உள்ள இரண்டு பின்னிலும் அடியில் பாதிவரை கறுப்புப் பிளாஸ்டிக் உறை இருக்க வேண்டும். பிளக்கை அரைகுறையாக இழுக்கும்போது பிள்ளைகளின் விரல் கரண்ட் உள்ள உலோகத்தில் படாமல் இருக்கத்தான் அந்த உறை. எர்த் பின்னில் அந்த உறை இருக்கவே கூடாது. அது முழுக்க உலோகமாக இருந்தால்தான் சொக்கெட்டுக்குள் உள்ள எர்த் தகட்டை ஒழுங்காகத் தொடும். போலி செய்கிறவன் மூன்று பின்னையும் ஒரே அச்சில் வார்த்து, மூன்றுக்கும் உறை போட்டு விடுகிறான். அப்படி ஒரு பிளக்கைக் கண்டால் பெட்டியில் எந்தக் கம்பனிப் பெயர் இருந்தாலும் வைத்துவிட்டு வரலாம்.

உன்னுடைய பிளக்கில் எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்.

களுவாஞ்சிக்குடி அக்கா, 09.03.2025

இதை வாசித்துவிட்டு என் போன் சார்ஜரை எடுத்துப் பார்த்தேன். மேல் பின் முழுக்கப் பிளாஸ்டிக். டவுனில் ஷோரூமில் போனோடு பெட்டியில் வந்தது. அப்போ ஷோரூம்காரனும் ஏமாற்றிவிட்டானா? மாதக் கட்டுக்காசு இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

மோட்டர் வைண்டிங், 10.03.2025

இல்லை அக்கா, அது சரியானதுதான். சார்ஜருக்கு எர்த்தே தேவையில்லை, அதன் உடம்பு முழுக்கப் பிளாஸ்டிக். அந்த மேல் பின்னுக்கு ஒரே ஒரு வேலை, சொக்கெட்டின் கீழ் ஓட்டைகளை மூடியிருக்கிற கதவைத் திறப்பது. நாங்கள் இரண்டு பின் பிளக்கைச் செருகப் பேனா மூடியால் மேல் ஓட்டையைக் குத்துகிறோமே, அதே வேலை. (அந்தப் பழக்கத்தை விடச் சொல்லிச் சேர் பேசும்போது முன்வரிசையில் இருந்த கிராம சேவகரே சிரித்துவிட்டார்.)

சார்ஜரில் முழுப் பிளாஸ்டிக் என்றால் பயமில்லை. உலோகப் பின், அதில் பாதிக்கு உறை என்றால்தான் போலி. சேர் இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் போனது ஒரு குறைதான். சந்தையில் நல்ல சார்ஜரையும் சனம் தூக்கி எறியப் போகிறது.

மண்டூர் தம்பி, 10.03.2025

எர்த் பின் முழு உலோகம். மற்ற இரண்டிலும் உறை இருக்கிறது. காந்தமும் ஒட்டவில்லை. சேரின் சோதனை எல்லாவற்றிலும் பாஸ். ஆனால் சுடுகிறது.

கச்சேரி அண்ணன், 10.03.2025

தம்பி, வீணாகப் பயப்பட வேண்டாம். வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதுதானே? பிழை ஏதும் என்றால் அது விழுந்துவிடும். பிளக்குக்குள் 13 அம்பியர் பியூஸும் இருக்கிறது. இரண்டு பாதுகாப்பு. பெட்டியில் உள்ள பார்கோட் இலக்கத்தைப் பார், 479 என்று தொடங்கினால் இலங்கையில் செய்தது, போலியாக இருக்காது. நான் எதை வாங்கினாலும் அதைத்தான் பார்ப்பேன்.

மோட்டர் வைண்டிங், 10.03.2025

அண்ணன் சொன்னதில் பாதி சரி. மற்றப் பாதியை நம்பினால் வீடு எரியும்.

ட்ரிப் சுவிட்ச் பார்ப்பது கசிவை. போன கரண்ட் திரும்பி வருகிறதா, இல்லை இடையில் ஒரு ஆளின் உடம்பு வழியாகவோ தண்ணி வழியாகவோ நிலத்துக்குப் போகிறதா என்று பார்க்கும். வீட்டில் பூட்டுவது பெரும்பாலும் 30 மில்லி அம்பியர். அந்த அளவு கசிந்தால் விழும். வயர் சூடேறும்போது கசிவு இல்லை. போனது முழுக்கத் திரும்பி வருகிறது, வழியில் சூடாகிறது, அவ்வளவுதான். வயர் உருகி ஒன்றோடொன்று ஒட்டினாலும் ட்ரிப் சுவிட்ச் பேசாமல் இருக்கும்.

பியூஸும் அப்படித்தான். கேத்தல் 2000 வாட் என்றால் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட எட்டேமுக்கால் அம்பியர் இழுக்கும். 13 அம்பியர் பியூஸுக்கு அது ஒரு சுமையே இல்லை, நாள் முழுக்கக் கொடுக்கும். 20 அம்பியர் போனாலும் உடனே எரியாது. நல்ல கோட் என்றால் அதன் வயரும் 13 அம்பியர் தாங்கும், அதனால் வயர் கெடுவதற்குள் பியூஸ் போகும். வயரில் கள்ளம் செய்தால் அந்தக் கணக்குத் தலைகீழாகிவிடும். வயர் போன பிறகும் பியூஸ் சுகமாக இருக்கும்.

தம்பியின் கோட்டில் நடப்பது இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். பிளக் நல்லது, வயர் கள்ளம். நல்ல பிளக்கைத் தனியாக வாங்கிப் பூட்டினானோ, பிளக்கை மட்டும் கவனமாகச் செய்தானோ. சனம் பிளக்கைத்தான் பார்க்கும் என்று விற்கிறவனுக்கும் தெரியும். கடைக்குக் கொண்டு வா, வெட்டிப் பார்ப்போம்.

479 கதையைப் பிறகு எழுதுகிறேன், ஒரு மோட்டர் வந்திருக்கிறது.

கச்சேரி அண்ணன், 11.03.2025

வெட்டிப் பார்த்தால் பிறகு திருப்பிக் கொடுக்க ஏலாதே?

மண்டூர் தம்பி, 11.03.2025

திருப்பிக் கொடுக்க அந்த ஆளைக் காண வேண்டுமே அண்ணன். பில் தரவில்லை. "கொன்டெய்னரில வந்த சாமான் தங்கச்சி, கம்பனி விலை இல்ல" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறான்.

மோட்டர் வைண்டிங், 13.03.2025

வெட்டிப் பார்த்தாயிற்று. தம்பியும் பக்கத்தில் இருந்தான்.

வெளித்தோல் நல்ல தடிப்பு. சுண்டுவிரல் அளவு இருந்தது, பார்த்தால் எவரும் நல்ல வயர் என்றுதான் சொல்வார்கள். தோலைக் கீறியதும் உள்ளே பிளாஸ்டிக்தான் நிறைய. அதற்குள் மண்ணிறமும் நீலமுமாக இரண்டு வயர். பச்சை மஞ்சள் வயர் இல்லை. எர்த்தே இல்லை. எர்த் பின் முழு உலோகமாகப் பளபளவென்று இருக்கிறது, அதன் பின்னால் எதுவும் பூட்டவில்லை.

மண்ணிற வயரின் தோலை உரித்து இழைகளை எண்ணினோம். எட்டு. ஒவ்வொன்றும் 0.2 மில்லிமீற்றர் தடிப்பு, மைக்ரோமீற்றர் என்னிடம் இருக்கிறது, வைண்டிங் வயர் அளக்கிறது. நல்ல 13 அம்பியர் கோட்டில் 1.25 சதுர மில்லிமீற்றர் வயர் இருக்க வேண்டும். அது இதே தடிப்பு இழை நாற்பது. இங்கே எட்டு இழை என்றால் கால் சதுர மில்லிமீற்றர். ஐந்தில் ஒரு பங்கு.

அதோடும் முடியவில்லை. ஒரு இழையைப் பேனாக்கத்தியால் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்பு பூசியது. செம்பை விட அது கரண்ட் கடத்துவது குறைவு. சேர் தட்டத்தில் அந்த வயர்த் துண்டை வைத்திருந்தது இதைக் காட்டத்தான். தேத்தண்ணிக்குப் போனவர்கள் பார்க்கவில்லை.

கணக்கு இதுதான். இந்த வயரில் ஐந்து மீற்றர் போய் ஐந்து மீற்றர் திரும்பி வர, தடை ஏறக்குறைய ஒரு ஓம். கேத்தல் ஓடும்போது வயருக்குள்ளேயே 75 வாட் அளவு சூடாகப் போகிறது. நல்ல செம்பு வயர் என்றால் அதே நீளத்தில் 10 வாட்தான். பழைய 75 வாட் குண்டு பல்ப் எப்படிச் சுடும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தச் சூடு ஐந்து மீற்றருக்குப் பரவினால் வயர் சுட்டாலும் கை வைக்க ஏலும், ஆபத்து உடனே தெரியாது. சுருட்டிக் கட்டி வைத்தால் எல்லாச் சூடும் ஒரு இடத்தில் சேருகிறது, வெளியேற வழியில்லை. தம்பி சுருட்டி வைத்த இடம் கையைச் சுட்டது அதனால்தான். அதற்கு மேல் ஒரு தலையணையோ உடுப்போ கிடந்தால் கதை வேறு.

களுவாஞ்சிக்குடி அக்கா, 13.03.2025

எர்த் இல்லாமல் அதில் அயன் பொக்ஸ் போடுகிறார்களே மனிசர். என் தங்கச்சி வீட்டில் அயன் பொக்ஸைத் தொட்டால் விறுவிறு என்று இழுக்கும். கட்டையில் நின்று மினுக்கு, ஒன்றும் செய்யாது என்பாள் மாமி. அதுவும் இப்படிக் கோட்டாக இருக்குமோ?

மோட்டர் வைண்டிங், 13.03.2025

இருக்கலாம். அயன் பொக்ஸிலேயே பிழை இருக்கவும் கூடும். பார்க்காமல் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த விறுவிறுப்பு வந்தாலே எர்த் எங்கேயோ அறுந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். எர்த் ஒழுங்காக இருந்தால் பெட்டிக்கு வருகிற கசிவு அந்த வழியால் போய் ட்ரிப் சுவிட்ச் விழுந்திருக்கும், தங்கச்சிக்குத் தெரிந்தே இராது. எர்த் இல்லாத இடத்தில் கசிவு தங்கச்சி தொடும் வரைக்கும் காத்துக்கொண்டிருக்கும். மாமியின் கட்டையை நம்பி இன்னும் மினுக்க வேண்டாம். மின்வேலைக்காரர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

அப்புறம் அண்ணனுக்கு. ட்ரிப் சுவிட்ச் இருந்தால் அதில் உள்ள சின்னப் பொத்தானை மாதத்துக்கு ஒருமுறை அமத்திப் பாருங்கள். விழ வேண்டும். விழாவிட்டால் அது சுவரில் மாட்டிய படம்.

கச்சேரி அண்ணன், 14.03.2025

அமத்திப் பார்த்தேன். விழுந்தது. ரீவி பார்த்துக்கொண்டிருந்த மனிசியும் எழும்பி வந்தா.

479 பற்றி எழுதுகிறேன் என்றீர், எழுதவில்லை.

மோட்டர் வைண்டிங், 14.03.2025

479 என்றால் அந்த இலக்கத்தை இலங்கையில் பதிந்த நிறுவனம் எடுத்திருக்கிறது என்பதுதான். சாமான் எங்கே செய்தது என்று அது சொல்லாது. வெளிநாட்டில் செய்வித்துக் கொண்டுவந்து இங்கே பெட்டியில் போடுகிறவரும் 479 வாங்கலாம். இந்தியாவுக்கு 890. அதுவும் அப்படித்தான்.

சேர் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார், கணக்குப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். பதின்மூன்று இலக்கத்தில் கடைசி இலக்கம் மற்றப் பன்னிரண்டையும் வைத்து வருவது. சும்மா ஒரு இலக்கம் எடுப்போம், 479123456789. இடமிருந்து முதலாம், மூன்றாம், ஐந்தாம் என்று ஒற்றை இடங்களைக் கூட்டினால் 33. இரட்டை இடங்களைக் கூட்டினால் 32, அதை மூன்றால் பெருக்கினால் 96. இரண்டும் சேர்ந்து 129. அடுத்த பத்தின் மடங்கு 130, அதற்கு ஒன்று குறைகிறது. ஆகவே கடைசி இலக்கம் 1. பெட்டியில் வேறு ஏதும் இருந்தால் எவனோ மனம்போன போக்கில் அடித்த இலக்கம்.

மண்டபத்தில் கைதட்டு விழுந்தது. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. போலி அடிக்கிறவன் ஏன் இலக்கம் யோசிக்கப் போகிறான்? நல்ல பெட்டியைப் படம் பிடித்து அப்படியே அச்சடிக்கிறான், இலக்கமும் அப்படியே வரும், கணக்கும் சரியாக வரும். தம்பியின் பெட்டியைப் பார்த்தேன், கணக்குச் சரி. எழுத்துப் பிழை தேடு என்று சேர் சொன்னதும் அதே வகை. பத்து வருசத்துக்கு முன் ஒரு எழுத்தை மாற்றி அடிப்பார்கள், பார்த்தவுடன் தெரியும். இப்போதைய அச்சில் நான் பிழை காண்பது குறைவு.

எஸ்.எல்.எஸ். அடையாளமும் ஒரு அச்சுத்தான். கட்டளைகள் நிறுவகம் எந்தக் கம்பனிக்கு அனுமதிப்பத்திரம் கொடுத்திருக்கிறது என்று நிறுவகத்திடமே கேட்கலாம். ஆனால் அந்தக் கம்பனிக்கு அனுமதி இருப்பது வேறு, உன் கையில் உள்ள பெட்டி அந்தக் கம்பனியுடையதா என்பது வேறு. பெட்டியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல ஏலாது, சாமானைத்தான் பார்க்க வேண்டும்.

மண்டூர் தம்பி, 15.03.2025

சந்தையில் நின்று வயரை வெட்ட விடுவானா அண்ணன்? வெட்டாமல் எப்படிப் பார்ப்பது? அதுதானே கேள்வி.

மோட்டர் வைண்டிங், 15.03.2025

நிறு.

நல்ல ஐந்து மீற்றர் கோட்டில், மூன்று வயரிலும் சேர்த்துச் செம்பு மட்டும் 170 கிராம் அளவில் வரும். உன் கோட்டில் இருந்த உலோகம் பத்துக் கிராமும் வராது. செம்புக்கும் அலுமினியத்துக்கும் அவ்வளவு பாரவித்தியாசம், அதோடு வயரும் மெலிசு, ஒரு வயர் இல்லவே இல்லை. தோல் தடிப்பாக இருந்தாலும் அந்தப் பாரத்தைப் பிளாஸ்டிக் ஈடு செய்யாது. டவுனில் பில்லோடு வாங்கிய கோட் ஒன்றைக் கையில் தூக்கிப் பழகினால் சந்தையில் தூக்கியவுடன் தெரியும். தெரியாவிட்டால் பக்கத்தில் மரக்கறித் தராசு இருக்கிறதே. ஒரே நீளம், ஒரே எண்ணிக்கைச் சொக்கெட் உள்ள இரண்டை வைத்துப் பார்க்க வேண்டும், அது முக்கியம். சொக்கெட் பெட்டிக்குள் இரும்புத் துண்டு வைத்துப் பாரம் கூட்டின ஒன்றையும் பழுது பார்க்க வந்த இடத்தில் கண்டிருக்கிறேன், ஆகவே பெட்டியை அல்ல, வயர்ச் சுருளைத் தொங்கவிட்டுப் பார்.

அடுத்தது, வயரின் தோலில் எழுத்து இருக்கிறதா என்று பார். நல்ல வயரில் வயர்க் கம்பனியின் பெயரும் 3 × 1.25 என்ற அளவும் நீளத்துக்குத் திரும்பத் திரும்ப வரும். உன்னுடையதில் தோல் மொட்டையாக இருந்தது. எழுத்து இருப்பதால் மட்டும் நல்லது என்று இல்லை, இல்லாவிட்டால் சந்தேகப்படு.

எர்த் இருக்கிறதா என்று பார்க்க இரண்டு பற்றரியும் ஒரு டோர்ச் பல்ப்பும் போதும். பற்றரியின் ஒரு முனையில் இருந்து ஒரு வயரை எர்த் பின்னில் வை, மறுமுனையில் இருந்து பல்ப் வழியாக வருகிற வயரைச் சொக்கெட்டின் மேல் ஓட்டைக்குள் உள்ள உலோகத்தில் வை. எரிந்தால் எர்த் போகிறது. கரண்டில் போடாத கோட்டில்தான் இதைச் செய்ய வேண்டும், இதை நான் மூன்று தரம் எழுதினாலும் குறைவில்லை. வயர் மெலிசா தடிப்பா என்று இந்தப் பல்ப் சொல்லாது, எட்டு இழையிலும் நன்றாகவே எரியும்.

காந்தத்தைப் பற்றி இன்னும் யோசித்தேன். ஒட்டினால் போலி என்பது சரி, அதில் சேரோடு எனக்குச் சண்டை இல்லை. பிளக்கின் திருகாணியில் ஒட்டினால் பரவாயில்லை, பின்னில் ஒட்டக்கூடாது. ஆனால் ஒட்டாவிட்டால் பித்தளை என்று முடிவு கட்ட ஏலாது. நாகம் கலந்த மலிவு உலோகத்துக்குப் பித்தளை நிறம் பூசி வருகிறது, அதிலும் காந்தம் ஒட்டாது.

களுவாஞ்சிக்குடி அக்கா, 16.03.2025

இன்று சந்தையில் ஒரு ஆள் கத்தரிக்காய்த் தராசில் மல்டி பிளக் வைத்துக்கொண்டு நின்றார். மரக்கறிக்காரி, "என்னகா, அதையும் கிலோவுக்கா தாறான்?" என்று கேட்டா. சேரின் பேச்சோ இந்தப் பேச்சோ, பரவிவிட்டது.

எனக்கு வயர் விளங்காது. அந்தப் பேச்சில் ஷாம்பு, கிறீம் பற்றியும் சொன்னாராமே? மகள் ஒரு வெள்ளையாக்குகிற கிறீம் பூசி முகம் சிவந்து போய் இருக்கிறாள்.

மோட்டர் வைண்டிங், 16.03.2025

ஷாம்பு பற்றிச் சொன்னது ஒன்று நினைவிருக்கிறது. வெறும் போத்தலைப் பழைய சாமான்காரனிடம் போடும்போது வெட்டிப் போடு என்றார். நல்ல போத்தலில் வேறு ஏதோ ஊற்றி விற்றால் எந்தச் சோதனையிலும் பிடிபடாது, போத்தல் உண்மையானதுதானே.

கிறீம் என் தொழில் இல்லை அக்கா. சில வெள்ளையாக்கும் கிறீம்களில் பாதரசம் இருக்கும், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று சேர் சொன்னார். வீட்டில் வைத்துப் பார்க்கிற சோதனை இல்லை என்றும் சொன்னார். பூசுவதை நிறுத்தி, டப்பாவையும் எடுத்துக்கொண்டு பிள்ளையை ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்.

கச்சேரி அண்ணன், 17.03.2025

முறைப்பாடு செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே? நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்று அடித்தால் எடுப்பார்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம். கேட்டால் பில் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. எழுத்தில் கொடுப்பதென்றால் மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். இதில் நான் பாதி சரி இல்லை, முழுக்கச் சரி.

மண்டூர் தம்பி, 17.03.2025

சரி அண்ணன், யாருக்கு எதிராக என்று எழுதுவது? பில் இல்லை, ஆளின் பெயர் தெரியாது. ஒரு கிழமை எங்கள் சந்தை, மறு கிழமை வேறு ஊர். அம்மாவுக்கு முகம் மட்டும்தான் நினைவு. அந்த ஆளும் கடனுக்கு எடுத்து விற்கிற ஒரு ஏழைப்பட்டவன், அவனுக்கே தெரியாமல் இருக்கும் என்று அம்மா சொல்கிறா.

மோட்டர் வைண்டிங், 18.03.2025

அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. மண்முனைப் பாலம் 2014 இல் திறக்குமுன் பாதைப் படகில் சாமான் ஏற்றிக்கொண்டு வாவி கடந்து படுவான்கரைக்கு வந்து விற்ற வியாபாரிகளைக் கண்டிருக்கிறேன். இப்போது வான் நேரே சந்தைக்குள் வருகிறது, சாமானும் கூட, முகமும் புதிது. ஓலைக் குடைக்குக் கீழ் நிற்கிறவன் வயரை வெட்டிப் பார்த்திருக்கப் போவதில்லை. அவனுக்கு மொத்தமாகக் கொடுத்தவனுக்குத் தெரியும்.

அதற்காகப் பேசாமல் விட வேண்டும் என்றும் இல்லை. சந்தைக் குத்தகையைப் பிரதேச சபை கொடுக்கிறது, குத்தகைக்காரர் ஒவ்வொரு கடைக்கும் காசு எடுக்கிறார். எந்த இடத்தில் எந்த ஆள் நிற்கிறான் என்று அவருக்குத் தெரியும். பெட்டியையும் வெட்டின வயரையும் அவரிடம் கொண்டுபோய்க் காட்டலாம். அண்ணன் எழுத்து வேலையைப் பார்த்தால் நான் கூட வருகிறேன்.

கச்சேரி அண்ணன், 18.03.2025

எழுதித் தருகிறேன். ஆனால் குத்தகைக்காரர் எங்கள் பெறாமகன் முறை. நான் நேரே வரவில்லை.

களுவாஞ்சிக்குடி அக்கா, 19.03.2025

அந்தக் கோட்டை என்ன செய்தீர்கள்? மெலிசு வயர் என்றாலும் போன் சார்ஜ் பண்ண, லைட் போடப் பாவிக்கலாம்தானே? காசு கொடுத்து வாங்கினது.

மோட்டர் வைண்டிங், 19.03.2025

கணக்குப்படி பாவிக்கலாம். சார்ஜர் 20 வாட் என்றால் ஒரு அம்பியரில் பத்தில் ஒரு பங்கும் வராது, வயர் சூடேறாது, எர்த்தும் தேவையில்லை. ஆனால் வீட்டில் அந்தக் கணக்கு ஒரு ஆளுக்குத்தான் தெரியும். விருந்தாள் வந்தால் கேத்தலை எதில் போடுவார்கள்? கோட்டில் 13 அம்பியர் என்று எழுதியிருக்கிறது. நான் பிளக்கை வெட்டி எடுத்துவிட்டேன். பிளக் உண்மையாகவே நல்லது, பியூஸும் மண் நிரப்பின வெள்ளைப் பீங்கான் பியூஸ், அதை வேறு வயருக்குப் பூட்டலாம்.

தம்பிக்கு இதில் சம்மதம் இல்லை. துண்டு வயரை வாழைக்குலை கட்டவாவது தா என்று வாங்கிக்கொண்டு போனான்.

மண்டூர் தம்பி, 20.03.2025

வாழைக்குலை இல்லை அண்ணன், கோழிக்கூட்டுக் கதவு.

நேற்று டவுனில் பில்லோடு ஒரு கோட் வாங்கினேன். தோலில் 3 × 1.25 என்று இருக்கிறது. தூக்கும்போதே வித்தியாசம் தெரிகிறது, பற்றரி பல்ப்பும் எரிந்தது. விலை சந்தைக் கோட்டின் மூன்று மடங்குக்கு மேல், அம்மா இன்னும் பேசிக்கொண்டிருக்கிறா. இதில் கிணற்றடி மோட்டரைப் போடலாமா? ஒரு குதிரைவலு. சொக்கெட்டுக்கும் கிணற்றுக்கும் இடையில் தூரம் காணாது, இரண்டு கோட்டைப் பொருத்தித்தான் கொண்டுபோக வேண்டும்.

மோட்டர் வைண்டிங், 20.03.2025

இரண்டைப் பொருத்தாதே. இரண்டு கோட் சேருகிற இடம் ஈரத்தில் கிடக்கும், அதுதான் முதலில் எரியும். ஒரு குதிரைவலு மோட்டர் ஓடும்போது ஐந்து, ஆறு அம்பியர் எடுக்கும், வயர் தாங்கும். தொடங்குகிற நேரம் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். வயர் நீளம் கூடினால் அந்த நேரத்தில் மோட்டருக்கு வோல்ட் காணாது, உறுமிக்கொண்டு நிற்கும், கொயில் எரிந்து என்னிடம் வரும். எனக்கு வருமானம்தான், ஆனாலும் சொல்கிறேன்.

மோட்டரில் ஒட்டியிருக்கிற தகட்டைப் படம் எடுத்துப் போடு. கிணற்றுக்கு எத்தனை அடி என்றும் எழுது. 2.5 சதுர மில்லிமீற்றர் வயரில் தனி இணைப்பாகக் கொண்டுபோக வேண்டி வரும் என்றுதான் நினைக்கிறேன், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.